பெருமையும் பொருமலும்: துணை திடீரென்று மேலே போகும்போது

கணவன், மனைவி இருவருமே கணக்கு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை பார்ப்பது வேறு வேறு பள்ளிகளில். உதாரணத்துக்குச் சொல்லும் கதைதான், அதனால் பெயர் வேண்டாம், அவன், அவள் என்றே சொல்கிறேன். அவனுக்குப் பதினைந்து வருட அனுபவம், அவளுக்கு ஒன்பது. ஒரு பாடத்தை எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று அவள்தான் அவனிடம் கேட்பாள். வீட்டில் 'நல்ல வாத்தியார்' யார் என்பது பேசாமலே முடிவான விஷயம்.

ஒரு விடுமுறையில் அவள் பின்னங்களைப் பற்றி நான்கு நிமிட வீடியோ ஒன்றை எடுத்து யூடியூபில் போட்டாள். அது எங்கோ பற்றிக்கொண்டு ஒரே மாதத்தில் பதினொரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அப்புறம் பேட்டி, மேடை, தெருவில் நிறுத்தி செல்ஃபி.

முதல் வாரம் அவனைப் போல மகிழ்ந்தவர் யாரும் இல்லை. தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோவைப் போட்டான். மூன்றாவது வாரம் அவன் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா வந்து, "உங்க வீட்டம்மா சொல்லித் தர்றது என் பையனுக்கு நல்லாப் புரியுது சார்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவன் அந்த வீடியோவை மறுபடி பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூணாவது நிமிஷத்துல 'மேல இருக்கிற எண்'னு சொல்லியிருக்க. 'தொகுதி'ன்னு சொல்லணும். பசங்க தப்பாப் பழகிடுவாங்க."

அவன் சொன்னது சரிதான். ஆனால் முதல் வாரம் முழுக்க எத்தனையோ பேருக்கு அனுப்பியபோது அந்தத் தவறு ஏன் கண்ணில் படவில்லை?

இதைப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் ஒன்றும் புரியாமல் போய்விடும். பொறாமைக்காரன் முதல் வாரம் அப்படிக் குதித்திருக்க மாட்டான். அந்தச் சந்தோஷமும் நிஜம், அடுத்து வந்த பொருமலும் நிஜம். இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே வெற்றியால் எப்படி வந்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆபிரகாம் டெஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு விளக்கத்தை உருவாக்கினார். மனிதர்கள் தங்கள் தன்மதிப்பை எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய கோட்பாடு அது. சாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். நமக்கு நெருக்கமான ஒருவர் பெரிதாக ஜெயிக்கும்போது மனசுக்குள் இரண்டு வேலைகள் நடக்கலாம். ஒன்று, அவருடைய வெளிச்சம் நம் மேலும் விழுகிறது. 'என் மனைவியாக்கும்' என்று நெஞ்சு நிமிர்கிறது. இதைப் பிரதிபலிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, அவர் பக்கத்தில் நம்மை நிறுத்தி அளந்து பார்க்கிறோம், நாம் குட்டையாகத் தெரிகிறோம். இது ஒப்பீடு.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் எரிபொருள் ஒன்றுதான். ஆள் எவ்வளவு நெருக்கமோ, வெற்றி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குப் பெருமையும் கூடும், வலியும் கூடும். முன்பின் தெரியாத யாரோ ஒரு ஆசிரியை பதினொரு லட்சம் பேரைப் பிடித்திருந்தால் அவன் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்திருப்பான்.

அப்படியானால் பெருமை வருமா, வலி வருமா என்பதை எது முடிவு செய்கிறது? அந்த வெற்றி எந்த இடத்தில் வந்து விழுந்தது என்பதுதான் என்கிறார் டெஸர். 'நான் யார்' என்ற கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு சின்ன நிலத்தை வேலி போட்டு வைத்திருக்கிறோம். ஒருவருக்கு அது சமையல், ஒருவருக்குப் பாட்டு, ஒருவருக்கு 'குடும்பத்தை நிறுத்துபவன் நான்' என்பது. துணையின் வெற்றி வேலிக்கு வெளியே விழுந்தால் பெருமை, உள்ளே விழுந்தால் ஒப்பீடு. அவள் ஓவியத்தில் பேர் வாங்கியிருந்தால் அவன் இன்றுவரை எல்லாருக்கும் படத்தை அனுப்பிக்கொண்டிருப்பான். அவள் வாங்கியது 'நல்ல வாத்தியார்' என்ற பேரை. அது அவனுடைய ஒரே நிலம்.

முதல் வாரத்தில் அது ஏன் வலிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அப்போது அவன் மனசில் அது 'யூடியூப் வெற்றி'. அவன் யூடியூப் ஆள் இல்லை. அந்த அப்பா வந்து பேசிய நிமிடம்தான் அது 'கற்பிக்கும் வெற்றி'யாக மாறி வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. இப்படிப்பட்ட மாற்றம் பெரும்பாலும் மூன்றாவது ஆளின் ஒரு வாக்கியத்தால்தான் நடக்கிறது. துணைவர் இருவரும் அன்று முழுக்க எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டின் காற்றே வேறாக இருக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. டெஸரும் ஸ்மித் என்ற ஆய்வாளரும் 1980இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். வார்த்தையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. ஒருவர் துப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். துப்பு எளிதா, கடினமா என்பதைக் கொடுப்பவர் தேர்ந்தெடுக்கலாம். 'இது சும்மா விளையாட்டுதான்' என்று சொல்லப்பட்டவர்கள் அந்நியர்களைவிட நண்பர்களுக்கு எளிய துப்புகளைக் கொடுத்தார்கள். 'இது முக்கியமான திறமையை அளக்கும் சோதனை' என்று சொல்லப்பட்டவர்களோ அந்நியர்களுக்கு எளியதைக் கொடுத்துவிட்டு நண்பர்களுக்குக் கடினமானதைக் கொடுத்தார்கள். நண்பர்கள்மேல் அவர்களுக்கு வெறுப்பெல்லாம் இல்லை. நமக்கு முக்கியமான விஷயத்தில் பக்கத்து ஆள் முந்துவதுதான் அதிகம் சுடும், அவ்வளவுதான்.

சரி, சுட்டால் என்ன செய்வோம்? கையை எடுப்போம். மனசும் அதைத்தான் செய்கிறது, அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. நெருக்கத்தைக் குறைக்கலாம். வெற்றியின் அளவைக் குறைக்கலாம். அல்லது அந்த நிலம் தனக்கு முக்கியமில்லை என்று ஆக்கிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. அதனால்தான் வெளியே தெரியும் அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

'தொகுதின்னு சொல்லணும்' என்றானே, அது இரண்டாவது வழி, வெற்றியைக் குறைப்பது. திருத்தம் நியாயமானதாகவே இருக்கும் என்பதுதான் இதில் சிக்கல். நியாயமா இல்லையா என்று வாதாடினால் அவன்தான் ஜெயிப்பான். கவனிக்க வேண்டியது நேரத்தை. அவள் வீடியோ எடுப்பதற்கு முன் கேட்டபோது வந்திருந்தால் அது உதவி. பாராட்டு வந்த அன்று ராத்திரி வந்தால் அது வேறு. 'அல்காரிதம் தூக்கிவிட்டது', 'நேரம் நல்லா இருந்தது' என்பவையும் இதே இனம்தான்.

முதல் வழியான விலகல் இன்னும் சத்தமில்லாதது. சாப்பிடும்போது கையில் போன். அவள் மேடையில் பேசும் நாளில் அவனுக்குத் தவிர்க்க முடியாத ஏதோ வேலை. கேட்டால், "ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்கேன்." பொய் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். தனக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

கேட் ராட்லிஃப், ஷிகேஹிரோ ஒய்ஷி என்ற இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் ஐந்து சோதனைகள், மொத்தம் 896 பேர். ஒரு சோதனையில், துணைவர் ஒரு அறிவுத்திறன் தேர்வில் முதல் 12 சதவீதத்தில் வந்திருக்கிறார் என்று சிலருக்கும், கடைசி 12 சதவீதத்தில் வந்திருக்கிறார் என்று சிலருக்கும் சொன்னார்கள். பிறகு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டபோது இரண்டு தரப்பின் பதிலிலும் வித்தியாசம் இல்லை. வார்த்தைகளை எவ்வளவு வேகமாக 'நான்' என்பதோடு சேர்க்கிறார்கள் என்று மறைமுகமாக அளந்தபோது, காதலியோ மனைவியோ நன்றாகச் செய்ததாகக் கேட்ட ஆண்களின் தன்மதிப்பு தாழ்ந்திருந்தது. பெண்களிடம் அந்தச் சரிவு இல்லை. இந்த மறைமுக அளவுகோல் எவ்வளவு நம்பகமானது என்பதில் உளவியலாளர்களுக்குள் சச்சரவு உண்டு, அதனால் இதைக் கல்லில் எழுத வேண்டியதில்லை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்பது உண்மையாகவே நம்பிச் சொல்லும் பதிலாக இருக்கலாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும். டெஸரின் வேலிக் கணக்கு எல்லா இடத்திலும் சரியாக விழாது என்பதையும் இது காட்டுகிறது. நேரடிப் போட்டியே இல்லாத விஷயத்தில்கூடச் சில ஆண்களுக்குச் சுருக்கென்று குத்துகிறது. 'வீட்டில் உயரமானவன் நான்' என்பதே அவர்களுடைய நிலமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மறுபக்கம் அவள் என்ன செய்கிறாள்? அவன் முகம் மாறுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் நல்ல செய்திகளைச் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறாள். 'அவர் மனசு கஷ்டப்படும்' என்ற அக்கறைதான். ஆனால் இது பெரும்பாலும் கெடுதலில்தான் போய் முடிகிறது. ஒரு பெரிய விருது அறிவிப்பு அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வழியாக வந்து சேர்கிறது. இப்போது அவனுக்கு இரண்டு அடி: ஒன்று அவள் உயர்ந்தது, இன்னொன்று தான் கடைசியில் தெரிந்துகொள்ளும் ஆளாகிவிட்டது.

நல்ல செய்தியைத் துணையிடம் சொல்லும்போது கிடைக்கும் பதிலை ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகையாகப் பிரித்தார்கள். உற்சாகமாகக் கேள்வி கேட்டு உள்ளே வருவது முதல் வகை. 'நல்லது' என்று புன்னகைத்துவிட்டு அமைதியாவது இரண்டாவது. 'அப்ப இனி வீட்டுக்கே வரமாட்ட' என்று குறையைத் தேடுவது மூன்றாவது. 'ம்... சாப்பாடு ஆச்சா?' என்று கடந்து போவது நான்காவது. உறவுக்கு நல்லது செய்வதாகத் தெரிந்தது முதல் வகை மட்டும்தான். அமைதியான புன்னகைகூடக் கேட்பவருக்கு அலட்சியமாகவே படுகிறது. இதே குழு 2006இல் இன்னொன்றையும் காட்டியது. கெட்ட செய்திக்குத் துணை எப்படி ஆறுதல் சொல்கிறார் என்பதைவிட, நல்ல செய்திக்கு எப்படி நடந்துகொள்கிறார் என்பதே உறவின் நலத்தோடு அதிகமாகப் பொருந்தியது. அவள் செய்தியை மறைத்தால் அவனுக்கு அந்த முதல் வகைப் பதிலைச் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இதுவரை மனசுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசினோம். இதோடு எப்போதும் கலந்து கிடக்கும் இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் யோசனை சொல்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

வீடியோக்கள் வந்த பிறகு அந்த வீட்டில் நிஜமாகவே சில விஷயங்கள் மாறின. சாயங்காலம் எட்டிலிருந்து பத்துவரை ஒலிப்பதிவு, வீட்டில் சத்தம் கூடாது. சனிக்கிழமை சேர்ந்து வெளியே போகும் பழக்கம் நின்றது. மகனின் வீட்டுப்பாடம், துணி, மளிகை எல்லாம் யாரும் கேட்காமலே அவன் பக்கம் நகர்ந்துவிட்டன. மகனின் முகம் வீடியோவில் வரலாமா என்ற முடிவை அவள் தனியாக எடுத்தாள். இவை எதுவும் அவன் கற்பனை இல்லை. ஆனால் இவற்றைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் 'உனக்குப் பொறாமை' என்று பேச்சு முடிந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். மூடிய வாயிலிருந்துதான் 'தொகுதி' வெளியே வந்தது.

பாத்திரத்தை இடம் மாற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். கணவன் புகழடைந்து, மனைவி வீட்டை முழுசாகத் தாங்க ஆரம்பிக்கும்போது அதை யாரும் கதையாகக்கூடச் சொல்வதில்லை. ஏனென்றால் அதற்கான ஏற்பாடு பெரும்பாலும் முன்கூட்டியே இருக்கிறது. ஸ்வீடனில் ஓலே ஃபோல்கே, யோஹன்னா ரிக்னே என்ற இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கில் காட்டியது. மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற பதவிக்கு உயர்ந்த பெண்களிடையே விவாகரத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்கானது. அதே பதவிக்கு உயர்ந்த ஆண்களிடையே அப்படி ஆகவில்லை. அதைவிட முக்கியமான விஷயம், அந்த முறிவுகள் பெரும்பாலும் பழைய பாணிக் குடும்பங்களில் நடந்தன. கணவன் வயதில் மிக மூத்தவனாகவும், பிள்ளை வளர்ப்பு விடுப்பின் பெரும்பங்கை மனைவியே எடுத்தவளாகவும் இருந்த குடும்பங்கள் அவை. ஆரம்பத்திலிருந்தே சமமாகப் பகிர்ந்துகொண்ட ஜோடிகளை அந்தப் பதவி உயர்வு ஆட்டவில்லை. ஆக, புகழ் வந்து உடைப்பது பல சமயம் முன்பே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த ஏற்பாட்டைத்தான்.

எனவே நம் ஆசிரியர் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது பிரித்தெடுக்கும் வேலை. ஒரு தாளை எடுத்து, மூன்று மாதத்தில் தன்னை உறுத்திய ஒவ்வொன்றையும் அவன் எழுதுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: அவள் பிரபலமாகாமல், ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் இது நடந்திருந்தாலும் எனக்கு உறுத்தியிருக்குமா? எட்டு மணி அமைதி, ஆமாம். சனிக்கிழமை, ஆமாம். துணி, மளிகை, ஆமாம். மகனின் முகம், நிச்சயமாக. அந்த அப்பா சொன்ன வாக்கியம், இல்லை. 'டீச்சரோட வீட்டுக்காரரா நீங்க?' என்று ஒருவர் கேட்டது, இல்லை.

'ஆமாம்' என்று வந்தவை பேரம் பேச வேண்டிய விஷயங்கள். இவற்றைப் பேசும்போது அவளுடைய வெற்றியை இழுக்கவே கூடாது. 'நீ பெரிய ஆளாயிட்ட' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். "எட்டுலேருந்து பத்து தினமும் முடியாது, வாரத்துல மூணு நாள் வச்சுக்கலாம். பையன் முகம் வர்றதை ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்." இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். இது சரியானால் பாதி எரிச்சல் தானே அடங்கிவிடும். மீதிப் பாதி அடங்காது, அதைச் சலுகைகளால் தீர்க்க முடியாது.

'இல்லை' என்று வந்தவைக்குத்தான் மூன்றாவது வழி, நிலத்தை மாற்றிக்கொள்வது. இதில் ஒரு போலியும் உண்டு. 'யூடியூப் வேற, கிளாஸ்ரூம் வேற. இதெல்லாம் கற்பித்தலே இல்ல' என்று சொல்வது எட்டாத பழம் புளிக்கும் என்பதுதான். அசலான மாற்றம் வேலியை நகர்த்துவதில்லை, இன்னும் துல்லியமாகப் போடுகிறது. அவன் தன்னைத் தானே கேட்டுப் பார்த்தான்: பதினைந்து வருடத்தில் நான் நிஜமாக எதில் நல்லவனாக இருந்திருக்கிறேன்? யோசித்தபோது, கூட்டத்துக்குப் பாடம் நடத்துவதில் இல்லை என்று தெரிந்தது. இரண்டு தடவை தோற்றுவிட்டுப் பின் பெஞ்சில் மௌனமாகிவிட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது எந்த இடத்தில் தொலைந்தது என்று நோட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பதில்தான் அவன் கெட்டிக்காரன். நான்கு நிமிட வீடியோ அந்த வேலையைச் செய்யாது. இந்த நிலத்தில் அவளுக்கும் அவனுக்கும் போட்டியே இல்லை.

போலியா அசலா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. 'அவள் நன்றாகச் சொல்லித் தருகிறாள்' என்ற வாக்கியத்தை, பின்னால் 'ஆனால்' போடாமல் சொல்லி நிறுத்த முடிகிறதா? முடிந்தால் வேலி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இங்கே இன்னொரு பயத்தையும் தனியாக வைக்க வேண்டும். சிலருக்குக் குத்துவது 'நான் குறைந்துவிட்டேன்' என்பது இல்லை, 'என்னை விட்டுவிடுவாளோ' என்பது. இந்தப் பயம் இருப்பவர்கள் திருத்தம் சொல்ல மாட்டார்கள், கமெண்ட்களைப் படிப்பார்கள். யார் இதயக் குறி போட்டிருக்கிறார்கள், மேடைக்கு யாரோடு போனாள் என்று பார்ப்பார்கள். 'என்னைப் பிடிக்குமா?' என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பதில் கிடைத்ததும் அரைநாள் நிம்மதி, அப்புறம் மறுபடி கேள்வி. இவர்களுக்கு நிலத்தை மாற்றிக்கொள்ளும் வைத்தியம் வேலை செய்யாது. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, சேர்ந்திருக்கும் நேரம் ஒன்று மாறாமல் இருப்பது அதிகம் உதவும். நம் கதையில் அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தாலே போதும்.

இதையெல்லாம் புரிந்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. துணை வேலைக்குப் போவதைத் தடுப்பது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கடவுச்சொல் கேட்டு மிரட்டுவது, நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவது, கணக்கை அழிக்கச் சொல்வது எல்லாம் இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. அது அடக்குமுறை. அங்கே 'பாவம், அவருக்குத் தன்மதிப்பு அடிபட்டிருக்கு' என்று அனுதாபப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது, வெளியிலிருந்து உதவி தேட வேண்டும். சாதாரணக் குமைச்சலும்கூட மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, இருவரும் பேசும் பேச்செல்லாம் ஒரே சண்டையில் போய் முடிந்தாலோ, தம்பதியர் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

நம் ஆள் இப்போது சாயங்காலங்களில் ஐந்து பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறான். அவள் புதிய வீடியோவுக்கு எழுதுவதை எடுப்பதற்கு முன்பே அவனிடம் காட்டுகிறாள், 'தொகுதி' அங்கேயே ஏறிவிடுகிறது. போன வாரம்கூட ஒருவர் கேட்டார், "நீங்க டீச்சரோட வீட்டுக்காரர்தானே?" சுருக்கென்றது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதை அவளிடமும் சொன்னான், சுருக்கென்றதையும் சேர்த்து.